பத்திரிகைப் பட்டியலிலிருந்து மேசைப் பெயரட்டை வரை

கல்யாண மண்டபத்துப் பந்தியில் யார் எங்கே உட்காருவது என்று யாரும் எழுதிவைப்பதில்லை. இலை போட்டதும் வரிசையாக உட்கார வேண்டியதுதான். முதல் பந்தியில் யார், அடுத்ததில் யார் என்பதை வீட்டுப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று பார்த்துக்கொள்வார். "மாமா, நீங்க முதல்ல வாங்க" என்று அவர் கைப்பிடித்து அழைத்துப் போவதே மரியாதை, அதுவே ஏற்பாடு. அரை மணி நேரத்தில் பந்தி எழுந்துவிடும். பக்கத்தில் யார் இருந்தார் என்பது பெரிய விஷயமாக இருக்காது.

ஓட்டல் அரங்கில் வட்ட மேசை போட்டு நடத்தும் விருந்து அப்படி இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். மேடையில் வாழ்த்துரை, புகைப்படம், கேக், சாப்பாடு என்று இரண்டு மூன்று மணி நேரம் அதே ஏழெட்டுப் பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இடம் குறிக்காமல் விட்டால் முதலில் வருகிறவர்கள் மேசைக்கு மூன்று பேராகப் பரவி உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு வரும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரே மேசையில் இடம் இருக்காது. நாற்காலிகள் காலியாக இருந்தும் ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.

இதைத் தவிர்க்க விருந்தினர் பட்டியலை மேசை வாரியாகப் பிரித்து, ஒவ்வொருவர் இடத்திலும் பெயரட்டை வைக்கும் வழக்கம் நம் வீட்டு விசேஷங்களுக்கும் வந்துவிட்டது. பட்டியலைச் சரியான வடிவில் எழுதிக்கொண்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தில் அப்பாவுக்கு மணிவிழா. திருக்கடையூரில் சடங்கை முடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு இரவு திருச்சியில் ஓர் ஓட்டல் அரங்கில் விருந்து வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்பாட்டைக் கவனிப்பவள் மகள். அவள் கையில் இருப்பது பத்திரிகை கொடுத்த பட்டியல், மொத்தம் 27 வரிகள்.

ஒரு பத்திரிகை அல்ல, ஓர் ஆள்

பத்திரிகைப் பட்டியலில் "பெரியப்பா, குடும்பத்துடன்" என்று ஒரு வரிதான் இருக்கும். பத்திரிகை கொடுக்க அது போதும், நாற்காலி போடப் போதாது. அந்த ஒரு வரிக்குள் பெரியப்பா, பெரியம்மா, இரண்டு மகன்கள், மருமகள்கள், மூன்று பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர் இருக்கலாம். அதில் ஒருவர் சைவம், ஒரு குழந்தை மடியில் உட்காரும் வயது, ஒரு மகன் துபாயில் இருக்கிறான்.

ஆகவே முதல் வேலை, ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று பட்டியலைப் பிரித்து எழுதுவது. நம் உதாரணத்தில் 27 வரிகள் 91 வரிகளாக விரிந்தன. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். ஏழு பத்திகள் போதும். FAMILY என்பதில் எந்த வீடு, CARD என்பதில் அட்டையில் அச்சாக வேண்டிய பெயர், SORT என்பதில் முதலெழுத்து இல்லாத பெயர், COMING என்பதில் வருகிறாரா, CHAIR என்பதில் நாற்காலி வேண்டுமா, TABLE என்பதில் மேசை எண், FOOD என்பதில் சைவமா அசைவமா. தலைப்புகளை இடைவெளி இல்லாத சின்ன ஆங்கிலச் சொற்களாக வைத்துக்கொண்டால், பின்னால் அட்டை அச்சடிக்கும்போது வேர்டு மென்பொருள் சிக்கல் இல்லாமல் எடுத்துக்கொள்ளும்.

பெயருக்கு இரண்டு பத்திகள் எதற்கு? அட்டையில் "கு. முத்துலட்சுமி" என்று வர வேண்டும். ஆனால் வாசலில் வைக்கும் அகரவரிசைப் பட்டியலில் அவர் "மு"வில்தான் தேடுவார், "கு"வில் தேடமாட்டார். முதலெழுத்தோடு சேர்த்து வரிசைப்படுத்தினால் கணவர் பெயரின் எழுத்தில் பாதிப் பெண்களும், அப்பா பெயரின் எழுத்தில் மற்றவர்களும் சிதறிப்போவார்கள். SORT பத்தி அதைத் தடுக்கிறது.

அட்டையில் என்ன பெயர் போடுவது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். மகளுக்கு அவர் "கோமதி அத்தை". ஆனால் அதே மேசையில் இருப்பவர்களில் ஒருவருக்கு அவர் அக்கா, இன்னொருவருக்குச் சித்தி. முறைப்பெயர் கூப்பிடுகிறவரைப் பொறுத்தது என்பதால் அட்டைக்கு ஒத்துவராது. பெரியவர்களுக்கு "திரு", "திருமதி" சேர்த்து முதலெழுத்தோடு எழுதுவது பொருத்தம். சிறுபிள்ளைகளுக்கு வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டால் அவர்களே எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்வார்கள். லட்சுமியா லக்ஷ்மியா, ஜெயந்தியா ஜயந்தியா என்பதை அந்தந்த வீட்டில் ஒருவரிடம் கேட்டே எழுத வேண்டும். சாப்பாட்டில் உப்புக் குறைந்ததைக்கூட மறந்துவிடுவார்கள். பெயர் தப்பாக அச்சான அட்டையை மறக்கமாட்டார்கள்.

அடுத்தது போன். "வர்றீங்களா?" என்று கேட்டால் நம்மவர்கள் "கண்டிப்பா வந்துடறோம்" என்றுதான் சொல்வார்கள். "எத்தனை பேர் வர்றீங்க, தம்பியும் வர்றானா, யாருக்காவது சைவம் வைக்கணுமா?" என்று பெயர் பெயராகக் கேட்டால்தான் உண்மைக் கணக்கு வரும். இப்படி விசாரித்ததில் 91 பேரில் 9 பேர் வரவில்லை என்று தெரிந்தது. மிச்சம் 82. அதில் 3 பேர் மடிக்குழந்தைகள், அவர்களுக்கு CHAIR பத்தியில் 0, மற்றவர்களுக்கு 1. ஆக 79 நாற்காலி வேண்டும். 27 வரிப் பத்திரிகைப் பட்டியலை மட்டும் பார்த்து இந்த எண்ணை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஒரு மேசைக்கு எத்தனை பேர்

ஓட்டல் மேனேஜர் "எங்க மேசைக்குப் பத்துப் பேர் உட்காரலாம் மேடம்" என்பார். மேசையின் குறுக்களவைக் கேட்டுவிட்டுத்தான் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வட்ட மேசைகள் பெரும்பாலும் 5 அடி அல்லது 6 அடிக் குறுக்களவில் இருக்கும். 5 அடி என்றால் 60 அங்குலம், சுற்றளவு ஏறத்தாழ 188 அங்குலம். எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு இரண்டு அடிக்குச் சற்றே குறைவாகக் கிடைக்கும். தட்டு, தண்ணீர் டம்ளர், முழங்கை எல்லாவற்றுக்கும் அது போதுமான இடம். பத்துப் பேரைத் திணித்தால் ஆளுக்கு 19 அங்குலம்கூட வராது. பட்டுப்புடவையோடு உட்காரும் பெண்களுக்கும், தட்டைக் கொண்டுவந்து வைக்கும் பையனுக்கும் அது அவஸ்தை. 6 அடி மேசை என்றால் பத்துப் பேருக்குச் சரியாக இருக்கும்.

நம் குடும்பத்துக்குக் கிடைத்தது 5 அடி மேசை. 79 பேரை எட்டால் வகுத்தால் பத்து மேசை போதும். ஆனால் அப்படிச் செய்தால் ஒரே ஒரு நாற்காலிதான் மிஞ்சும். சொல்லாமல் கூடவே அழைத்து வரப்படும் மைத்துனரும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் நம் விசேஷங்களில் உண்டு. ஆகவே 11 மேசை, 88 நாற்காலி, 9 இடம் உபரி என்று முடிவாயிற்று.

அரங்கத்தின் அளவும் முக்கியம். இரண்டு மேசைகளின் விளிம்புகளுக்கு நடுவே 5 அடியாவது இருந்தால்தான், இரு பக்கமும் நாற்காலியில் ஆள் உட்கார்ந்த பிறகும் நடுவில் ஒருவர் நடந்து போக முடியும். அதாவது ஒரு மேசையின் மையத்திலிருந்து அடுத்த மேசையின் மையத்துக்கு 10 அடி. 45 அடி அகல அரங்கில் குறுக்கே நான்கு மேசை வசதியாக நிற்கும். மேடையை ஒட்டிய முதல் வரிசையில் நான்கு, நடுவில் மூன்று, வாசல் பக்கம் நான்கு என்று 11 மேசைகளையும் ஒரு தாளில் வட்டமாக வரைந்துகொண்டாள் மகள். மேடை, வாசல், கைகழுவும் இடம், ஸ்பீக்கர் பெட்டி நான்கையும் அதிலேயே குறித்தாள். இந்தத் தாள் இல்லாமல் பெயர்களைப் பிரிக்க ஆரம்பித்தால் அரங்கத்தில் போய் நிற்கும்போது எல்லாம் மாறிப்போகும்.

கடினமானதை முதலில்

79 பேரையும் பட்டியலின் மேலிருந்து கீழாக மேசைகளில் நிரப்பிக்கொண்டே போவது எளிது. கடைசியில் ஒட்டாத ஏழெட்டுப் பேர் மிஞ்சி, அவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் போய்ச் சேருவார்கள். அங்கேதான் மனக்கசப்பு பிறக்கிறது.

நம் உதாரணத்தில் வருகிறவர்களை ஐந்து கூட்டமாகப் பிரிக்கலாம். மணிவிழாத் தம்பதியையும் சேர்த்து அப்பா வழியில் 21 பேர், அம்மா வழியில் 22, சம்பந்தி வீட்டார் 11, அப்பாவின் அலுவலக நண்பர்கள் 14, தெருக்காரர்கள் 11. தலைமை மேசையில் அப்பாவும் அம்மாவும், அப்பத்தா, பெரியப்பா, பெரியம்மா, சம்பந்தி தம்பதி என்று ஏழு பேர். அலுவலக நண்பர்கள் 14 பேரும் ஏழேழாக இரண்டு மேசை. மிச்சமிருப்பது எட்டு மேசையும் 58 பேரும்.

முதல் முயற்சியில் மகள் இப்படிப் பிரித்தாள்: அப்பா வழி 16 பேருக்கு எட்டெட்டாக இரண்டு மேசை, அம்மா வழிக்கு ஏழேழாக மூன்று மேசை, சம்பந்தி வீட்டாருக்கு ஏழு பேர் மேசை ஒன்று, தெருக்காரர்களுக்கு ஏழு பேர் மேசை ஒன்று. கணக்கு அழகாக வந்தது. ஆனால் மிஞ்சியவர்கள் அம்மா வழியில் ஒருவர், சம்பந்தி வீட்டில் இரண்டு பேர், தெருவிலிருந்து நான்கு பேர். அந்த ஏழு பேரும் ஒரே மேசை. அம்மா வழியில் தனியாக மிஞ்சியவர் தனியாக வரும் ஒரு சித்தி. அந்த மேசையில் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு பெயராக எடுத்து, "இவர் அந்த மேசையில் யாரோடு பேசுவார்?" என்று கேட்க வேண்டும். இரண்டு பெயராவது உடனே வாயில் வர வேண்டும். கணவன் மனைவி என்றால்கூட அவர்களைத் தவிர இன்னொருவராவது தெரிந்தவராக இருந்தால் நல்லது. கணித வழியில் இதைச் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். மெகன் பெல்லோஸ், லூக் பீட்டர்சன் என்ற இணையர் தங்கள் திருமண விருந்துக்கு 107 பேரை 11 மேசைகளில் உட்காரவைக்கும் கணக்கைக் கணினியிடம் கொடுத்து, அதை 2012இல் கட்டுரையாகவும் எழுதினார்கள். யாருக்கும் யாருக்கும் எவ்வளவு நெருக்கம் என்று எண்களாக எழுதி, ஒரு மேசையில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இத்தனை பேர் தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது அவர்களுடைய வழி. நம் வீட்டுக் கணக்குக்குக் கணினி வேண்டாம். அந்த நிபந்தனை மட்டும் போதும்.

தீர்வு இளைஞர்களிடம் கிடைத்தது. அம்மா வழியில் கல்லூரி வயதுப் பிள்ளைகள் ஆறு பேர், சம்பந்தி வீட்டில் அதே வயதில் இரண்டு பேர். கல்யாணத்தில் நடனம் ஆடியபோதே இவர்கள் ஒருவருக்கொருவர் பழக்கம். எட்டுப் பேரையும் ஒரு மேசைக்கு மாற்றியதும் அம்மா வழியில் 16 பேர் மிஞ்சி, எட்டெட்டாக இரண்டு மேசையில் நிறைந்தார்கள். தனியாக இருந்த சித்தி தன் அக்காக்களோடு சேர்ந்துவிட்டார். சம்பந்தி வீட்டார் ஏழு பேர் ஒரே மேசை. தெருக்காரர்கள் 11 பேரும் ஆறும் ஐந்துமாக இரண்டு மேசை. உபரி நாற்காலிகளில் ஐந்து அந்த இரண்டு மேசைகளில் வந்து நின்றன. சொல்லாமல் ஓர் உறவினர் கூடுதலாக வந்தால், இளைஞர் மேசையிலிருந்து ஒருவரை அங்கே அனுப்பிவிட்டு அவருக்கு இடம் கொடுக்கலாம்.

அடுத்த சிக்கல் அப்பாவின் இரண்டு தம்பிகள். வீடு பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இரண்டு பேரும் வருகிறார்கள். இப்படிப்பட்டவர்களை வேறு வேறு மேசையில் போட்டால் மட்டும் போதாது. அடுத்தடுத்த மேசையில் போட்டால் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க நேரும். ஒருவரை முன்வரிசையிலும் மற்றவரைப் பின்வரிசையிலும் போட்டாலோ அதைவிடப் பெரிய வருத்தம். அப்பா வழிக்கு இரண்டு மேசை இருந்தது இங்கே உதவியது. முதல் வரிசையின் இடது ஓரத்தில் ஒரு தம்பி குடும்பம், வலது ஓரத்தில் மற்றவர் குடும்பம், நடுவில் தலைமை மேசையும் சம்பந்தி வீட்டார் மேசையும். இருவருக்கும் மேடையிலிருந்து ஒரே தூரம், இருவருக்கும் நடுவே 30 அடி. அப்பத்தா தலைமை மேசையில் இருப்பதால் இரண்டு பிள்ளைகளும் தத்தம் பக்கத்திலிருந்து அம்மாவிடம் வந்து போக முடியும்.

நடு வரிசையில் அம்மா வழி மேசை இரண்டும், ஓய்வுபெற்ற மூத்த அதிகாரிகள் இருக்கும் அலுவலக மேசை ஒன்றும். வாசல் வரிசையில் இன்னொரு அலுவலக மேசை, இளைஞர் மேசை, தெருக்காரர் மேசை இரண்டு. ஸ்பீக்கர் பெட்டிக்கு நேரே வரும் இடத்தைப் பெரியவர்களுக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கைகழுவும் இடத்துக்குப் போகும் பாதையை ஒட்டிய நாற்காலி நல்லது.

காலியாக விடும் நாற்காலிக்கும் ஒரு பயன் உண்டு. வட்ட மேசையில் ஒன்றிரண்டு பேராவது மேடைக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டியிருக்கும். ஏழு பேர் மேசையில் அந்தப் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டுவிடலாம். எட்டுப் பேர் மேசையில் அதைச் சிறுவர்களுக்குக் கொடுக்கலாம். அவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளத் தயங்கமாட்டார்கள்.

மேசை எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டால் பதினோராம் எண் கிடைத்தவர் அதைத் தரவரிசையாக எடுத்துக்கொள்ளக்கூடும். காவிரி, வைகை, பொருநை என்று ஆற்றுப் பெயர்களோ, மல்லிகை, தாமரை என்று பூப்பெயர்களோ வைத்தால் அந்த மனத்தாங்கல் வராது. அட்டவணைக் கணக்குக்கு மட்டும் TABLE பத்தியில் எண் இருக்கட்டும்.

கணக்கைச் சரிபார்க்கும் மூன்று வரிகள்

மேசை எண்ணை ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதியதும் அட்டவணையே நமக்குக் கணக்குச் சொல்லும். COMING பத்தி D, CHAIR பத்தி E, TABLE பத்தி F, FOOD பத்தி G என்று வைத்துக்கொண்டால், ஐந்தாம் மேசைக்கு எத்தனை நாற்காலி, எத்தனை சைவத் தட்டு, இன்னும் மேசை கிடைக்காதவர் எத்தனை பேர் என்பதை இந்த மூன்று வரிகள் காட்டும்.

```
=SUMIFS(E2:E120, F2:F120, 5, D2:D120, "Y")
=COUNTIFS(F2:F120, 5, D2:D120, "Y", G2:G120, "V")
=COUNTIFS(D2:D120, "Y", F2:F120, "")
```

முதல் வரி எந்த மேசைக்கும் 8ஐத் தாண்டக் கூடாது. பதினொரு மேசைக்கும் கூட்டினால் 79 வர வேண்டும். மூன்றாவது வரி 0 காட்ட வேண்டும். அது 1 காட்டினால் யாரோ ஒருவர் வாசலில் வந்து நிற்கப்போகிறார், அவர் பெயர் எந்த மேசையிலும் இல்லை என்று பொருள். இரண்டாவது வரியின் விடையை மேசை வாரியாக எழுதிக் கேட்டரிங் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டால், பரிமாறும் பையன் ஒவ்வொருவரிடமும் "சைவமா, அசைவமா" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அட்டையை அச்சிடுவது

இந்தக் கட்டத்தில் பெயர்களை மறுபடி தட்டச்சு செய்ய உட்காரக் கூடாது. மறுபடி அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பெயராவது தப்பாகும், ஒரு பெயராவது விட்டுப்போகும். வேர்டில் இருக்கும் மெயில் மெர்ஜ் வசதி அட்டவணையிலிருந்து பெயரை நேராக எடுத்து அட்டையில் போட்டுவிடும்.

கூடாரம்போல நடுவில் மடித்து நிறுத்தும் அட்டைதான் மேசைக்கு ஏற்றது. A4 தாளில் 95 மி.மீ. அகலமும் 92 மி.மீ. உயரமும் கொண்ட கட்டங்கள் குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று என்று ஆறு அடங்கும். மடித்தால் 46 மி.மீ. உயரத்தில் நிற்கும். 79 அட்டைக்கு 14 தாள் வேண்டும். 14 தாளில் 84 கட்டம் என்பதால் ஐந்து அட்டை வெறுமையாக மிஞ்சும். கடைசி நேரத்தில் வருகிறவர்களுக்குக் கையால் எழுதிவைக்க அவை அப்படியே உதவும்.

முதலில் அட்டவணையில் CARDS என்று புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, நாற்காலி வேண்டிய 79 பேரை மட்டும் மேசை வரிசையில் அதில் நகலெடுக்க வேண்டும். முதல் பத்தியில் 1 முதல் 84 வரை எண். கடைசி ஐந்து வரிகளில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. பிறகு வேர்டில் Mailings, Start Mail Merge, Labels என்று போய், New Label என்பதில் மேலே சொன்ன அளவுகளைக் கொடுக்கலாம். மேல் ஓரம் 10.5 மி.மீ., பக்க ஓரம் 10 மி.மீ. Select Recipients மூலம் எக்செல் கோப்பைக் காட்டி, முதல் கட்டத்தில் CARD என்ற புலத்தைச் செருகி, Update Labels அழுத்தினால் மற்ற ஐந்து கட்டங்களுக்கும் அது பரவும். பெயர் கட்டத்தின் கீழ்ப்பாதியில் வர வேண்டும். முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து Align Bottom கொடுத்து, பெயருக்குக் கீழே 16 மி.மீ. இடைவெளி விட்டால் மடித்தபிறகு அது முகப்பின் நடுவில் நிற்கும். கடைசியில் Finish & Merge. அட்டவணையை CSV கோப்பாகச் சேமிப்பதாக இருந்தால் CSV UTF-8 என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண CSV என்றால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் பெயர் தெரிய வேண்டும் என்றால் அட்டையின் பின்முகத்திலும் அச்சிட வேண்டும். அச்சான தாளைப் புரட்டாமல், தலைகீழாகத் திருப்பி மறுபடி பிரிண்டரில் வைத்தால் மேல்பாதியிலும் பெயர் விழும். ஆனால் தாள் திரும்பியதால் முதல் கட்டம் இப்போது ஆறாவது இடத்துக்குப் போயிருக்கும். பெயர்களும் ஆறு ஆறாகத் தலைகீழ் வரிசையில் வந்தால்தான் ஒரே அட்டையின் இரு முகத்திலும் ஒரே பெயர் இருக்கும். வரிசை எண் A பத்தியில் இருந்தால் இந்த வரி புதிய எண்ணைக் கொடுக்கும்.

```
=INT((A2-1)/6)*6+6-MOD(A2-1,6)
```

இந்தப் புதிய எண்ணின்படி வரிசைப்படுத்தி இரண்டாம் முறை மெர்ஜ் செய்ய வேண்டும். வெறும் பெயரோடு நிறுத்தாமல் வரிசையில் 84 வரிகளும் இருக்க வேண்டியது இதற்காகத்தான். ஐந்து வெற்று வரிகளை விட்டுவிட்டால் கடைசித் தாளில் பெயர் தவறான கட்டத்தில் விழும். முதல் முறை அச்சிட்டதும் தாள்களின் ஓரத்தில் பென்சிலால் 1 முதல் 14 வரை எண் போட்டுக்கொண்டால் தாள் மாறிப்போகாது.

அச்சிடும்போது அளவு 100 சதவீதத்தில் இருக்க வேண்டும். "Fit to page" என்று இருந்தால் கட்டங்கள் சுருங்கி மடிப்புக் கோடு விலகும். முதல் தாளைச் சாதாரண காகிதத்தில் எடுத்து, மடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அட்டைத்தாளுக்குப் போவது நல்லது. 200 முதல் 250 ஜி.எஸ்.எம். தாள் மடித்தால் சரிந்துவிடாமல் நிற்கும். வீட்டுப் பிரிண்டர் அவ்வளவு கனத்தை இழுக்குமா என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். இழுக்காவிட்டால் கடைக்குத்தான் போக வேண்டும். மடிப்பு நேராக வர, ஸ்டீல் ஸ்கேலை வைத்து மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடிக்கலாம்.

எழுத்தளவு 26 பாயிண்ட் அளவில் இருந்தால் நின்றபடியே படிக்க முடியும். ஆனால் "திருமதி மீ. மீனாட்சிசுந்தரி" போன்ற நீளமான பெயர் அந்த அளவில் அடுத்த வரிக்கு உடைந்துவிடும். பட்டியலில் உள்ள மிக நீளமான பெயரை வைத்துத்தான் எழுத்தளவை முடிவு செய்ய வேண்டும். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். நிர்மலா, லதா, நோட்டோ தமிழ் எதுவும் சரி. கடையில் அச்சிடக் கொடுத்தால் வேர்டு கோப்பைக் கொடுக்காமல் PDF ஆக்கிக் கொடுக்க வேண்டும். பழைய எழுத்துருவில் வேலை செய்யும் கடைகளில் யூனிகோடு தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அவர்கள் மறுபடி தட்டச்சு செய்து தருவார்கள், நாம் வீடு வீடாகக் கேட்டு உறுதி செய்த பெயர்களில் அப்போது பிழை புகுந்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களின் அட்டை மூலையில், கடைகளில் உணவுப் பாக்கெட்டின் மேல் இருப்பதுபோல ஒரு சின்னப் பச்சைப் புள்ளி வைத்தால் பரிமாறுபவருக்கு அதுவே போதும். அட்டையின் உள்பக்கத்தில் மேசைப் பெயரைப் பென்சிலால் எழுதி, மேசைக்கு ஒரு கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் அரங்கத்தில் பரப்பும் வேலை விரைவில் முடியும்.

வாசலில் நிற்கும் ஆள்

பெயரட்டை மேசையில் இருக்கிறது. வருகிறவர் எந்த மேசைக்குப் போவது என்று எப்படித் தெரிந்துகொள்வார்? அதற்கு வாசலில் ஒரு பட்டியல் வேண்டும். அதை மேசை வாரியாகப் போட்டால் ஒவ்வொருவரும் பதினொரு மேசையிலும் தம் பெயரைத் தேட வேண்டும். அகரவரிசைப்படி பெயரும் எதிரே மேசையும் போட்டால் ஒரே பார்வையில் கிடைக்கும். SORT பத்தியின்படி வரிசைப்படுத்தி, ஓர் A3 தாளில் மூன்று பத்தியாக அச்சிட்டால் 79 பெயரும் அடங்கும். வரிசைப்படுத்தியபின் ஜ, ஸ, ஹ எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் எங்கே போய் நிற்கின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில மென்பொருள்கள் ஜெயந்தியைச் "ச"வுக்கு அடுத்து வைக்கும், சில கடைசிக்குத் தள்ளிவிடும். படிப்பவர் எங்கே தேடுவாரோ அங்கே கையால் நகர்த்திவிடலாம்.

ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் பலகையைப் படித்து இடம் தேடிப் போக மாட்டார்கள். வரவேற்க ஆள் இல்லையே என்றுதான் நினைப்பார்கள். ஆகவே இரண்டு மூன்று மேசைக்கு ஒருவராக, முகம் தெரிந்த நான்கு இளைஞர்களை வாசலில் நிறுத்துவது அவசியம். மேசை வரைபடத்தின் ஒரு பிரதி ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும். "வாங்க பெரியம்மா, உங்க இடம் இங்க" என்று அழைத்துப் போய் நாற்காலியை இழுத்துக் கொடுக்க வேண்டும். பந்தி வாசலில் நின்ற பெரியவர் செய்த வேலைதான் இது. யாரை எங்கே உட்காரவைப்பது என்ற அவர் மனக்கணக்கு இப்போது தாளில் இருக்கிறது.

பட்டியலை விருந்துக்கு இரண்டு நாளுக்கு முன் மூடிவிட்டு, முந்தின நாள் அட்டை அச்சிடுவது பாதுகாப்பு. அதற்குப் பிறகு வரும் மாற்றங்களை அட்டவணையில் நுழைத்து எல்லாவற்றையும் மறுபடி அச்சிட ஆரம்பித்தால் வாசல் பட்டியலும் மேசை வரைபடமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மிச்சமிருக்கும் ஐந்து வெற்று அட்டைகளும் ஒரு பேனாவும் அந்த இளைஞர்களில் ஒருவர் பையில் இருந்தால் போதும். யாராவது வராமல் போனால் அவருடைய அட்டையைக் காலி நாற்காலியின் முன் விட்டுவைக்காமல் எடுத்துவிட்டு, அந்த மேசையில் இருப்பவர்களைச் சற்று நெருங்கி உட்காரச் சொல்லலாம்.

விருந்து முடிந்த மறுநாள் அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்து, உண்மையில் யார் வந்தார்கள், சொல்லாமல் யார் வந்தார்கள் என்பதையும் குறித்து வைக்க வேண்டும். அடுத்த விசேஷத்துக்கு 27 வரியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, 91 வரியும் தயாராக இருக்கும். இப்போது 0 என்று இருக்கும் மூன்று மடிக்குழந்தைகளுக்கு மட்டும் அப்போது 1 என்று மாற்றினால் போதும்.